மாவுக்கட்டுக்காரரின் கால்

எங்கள் மருத்துவமனையில் அவருக்கு ரேடியோ என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. பொருந்தவில்லை என்று சொன்னவரும் கிடையாது. எலும்பு முறிவுப் பிரிவில் மாவுக்கட்டுப் போடுவது அவர் வேலை. என் எக்ஸ்ரே அறைக்கும் அவருடைய கட்டு அறைக்கும் நடுவே ஈயத்தகடு பதித்த ஒரு சுவர் உண்டு. அது கதிர்வீச்சைத் தடுக்கும். அவர் பேச்சைத் தடுத்ததில்லை.

ஒரு சுவர் தள்ளி உட்கார்ந்து ஒரு மனிதரை ஆண்டுக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தால், பார்க்காமலே அவர் வேலை அத்துப்படியாகிவிடும். முதலில் வாளியில் தண்ணீர் விழும். வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உதவியாளுக்கு அர்ச்சனை விழும். பிறகு காலைச் சுற்றிப் பஞ்சு போகும். மாவுச் சுருளைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி அடங்கும்வரை பிடித்திருப்பார். அந்தச் சில விநாடிகள்தான் அவர் வாய் மூடியிருக்கும் என்று நாங்கள் சொல்வதுண்டு. உண்மையில் அப்போதும் பேசுவார். பிழிந்து, சுற்றி, உள்ளங்கையால் நீவிவிடுவார். விரல் நுனி பட்டால் கட்டில் குழி விழும், குழி பட்ட இடத்தில் தோல் புண்ணாகும் என்பார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது, கைவேலை அத்தனை சுத்தம்.

நோயாளி வலியில் பல்லைக் கடிக்கும் நேரத்தில் அவர் கதையைத் தொடங்குவார். அவரிடம் ஏழெட்டுக் கதைகள் இருந்தன. அதில் தலையாயது பயில்வான் கதை. ஆள் மலை மாதிரி, கட்டு வெட்டும் மிஷினைப் பார்த்ததும் மயங்கி இவர் மேலேயே விழுந்துவிட்டான், அவனைத் தூக்க நாலு பேர், இவரைத் தூக்க இரண்டு பேர் என்று போகும். அந்த மிஷின் அதிர்ந்துதான் அறுக்கும், சுழன்று அறுக்காது. கெட்டியான மாவு வெட்டுப்படும், நெகிழும் தோலுக்கு ஒன்றும் ஆகாது. இதை நிரூபிக்க, ஓடும் மிஷினைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். குழந்தைகள் கைதட்டும்.

கட்டு முடிந்ததும் ஒரு சடங்கு. வெளியே நீட்டியிருக்கும் கால் கட்டைவிரல் நகத்தை அமுக்குவார். நகம் வெளுக்கும். விட்டதும் சிவக்கும்.

"பாத்தியா? செவந்துருச்சா? ரத்தம் ஓடுது. இனி எனக்கும் உனக்கும் பேச்சில்ல. ஆறு வாரம் கழிச்சு வா."

வீட்டுக்குப் போன பிறகு கால் வலிக்கிறது என்று யாராவது திரும்பி வந்தாலும் முதலில் நகத்தைத்தான் அமுக்குவார். சிவந்தால் கட்டு கொஞ்சம் இறுக்கம் என்று பொருள். இரண்டு பக்கமும் வெட்டிக் கொஞ்சம் விரித்துவிடுவார். நகம் வெளுத்தே இருந்தால் மருத்துவரைக் கூப்பிட ஓடுவார். அவருடைய உலகத்தில் காலுக்கு இந்த இரண்டு கதிதான் உண்டு.

அவர் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருந்தார். அக்கம்பக்கத்துச் சட்டைகளைப் பிடித்துத் தைப்பது, கால்சட்டையின் நீளம் குறைப்பது என்று வேலை ஓயாது. அதிகம் பேசாதவர். பேசுவதற்கு அந்த வீட்டில் இடம் ஏது? ஒரு முறை எங்கள் பிரிவுக்கு வந்தபோது, "எப்படிம்மா இவரோட காலம் தள்றீங்க?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "மிஷின் சத்தத்துல பாதி காதுல விழாது" என்றார். சிரிக்கவில்லை. பொய் என்று பிறகுதான் தெரிந்தது.

கட்டு அறையில் தரை எப்போதும் மாவுத் தண்ணீராக இருக்கும். துடைக்கவில்லை என்று ஊரிலுள்ள அத்தனை உதவியாளர்களையும் திட்டித் தீர்த்தவர், ஒருநாள் தானே கொட்டிய தண்ணீரில் தானே வழுக்கி விழுந்தார். என்னிடம் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். வலது கணுக்காலின் வெளிப்பக்க எலும்பில் கோடு தெரிந்தது. விலகவில்லை.

"எக்ஸ்ரேம்மா, நல்லா பாத்துச் சொல்லு. என் காலா, இல்ல வேற யாரு காலாவது மாறி வந்துருச்சா?"

"உங்க கால்தான். வாயை மூடுங்க, ஆடுது."

"கால்தானே எடுக்கற, வாய் ஆடுனா என்ன?"

எலும்பு மருத்துவர் முழங்காலுக்குக் கீழே கட்டுப் போடச் சொன்னார். ஊன்றக் கூடாது. பருத்த உடம்பு, ஐம்பதைத் தாண்டிய வயது, காலை அசைக்காமல் இருக்கப்போகிறவர் என்பதால், வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஒரு ஊசியையும் தினம் போட எழுதிக் கொடுத்தார். ரத்தம் உறையாமலிருக்க. கூடவே, "சும்மா உக்காந்துடாதீங்க. ஊன்றுகோல வெச்சு நடங்க, தண்ணி நிறையக் குடிங்க, வெரல ஆட்டிக்கிட்டே இருங்க" என்றும் சொன்னார்.

"எனக்கே சொல்றீங்களா டாக்டர்! இது நான் தினம் சொல்ற வசனமாச்சே."

வசனம் சொல்வதும் அதன்படி நடப்பதும் ஒன்றா? ஊசிப் பெட்டி குளிர்பெட்டியின் கதவில் போய் உட்கார்ந்தது. வலி வந்தால் போடும் ஊசி, வலிதான் இல்லையே என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். ஜன்னலோரம் ஒரு நாற்காலி, எதிரே முக்காலி, அதன் மேல் தலையணை, தலையணை மேல் கால். ஊன்றுகோலோடு மாடிப்படி இறங்குவது கஷ்டம் என்பதால் கீழே போகவில்லை. கழிவறைக்கு எழுந்து போக அலுப்பாக இருந்ததால் தண்ணீரைக் குறைத்துக்கொண்டார். தூக்கம்கூட நாற்காலியிலேயே. அசைந்தது வாய் மட்டும். காலையில் போனில் எங்களைக் கூப்பிட்டு, தனக்குப் பதிலாகக் கட்டுப் போடும் பையன் எப்படியெல்லாம் கெடுக்கிறான் என்று விசாரிப்பார். மிச்ச நாள் முழுக்க மனைவிக்கு ஒலிபரப்பு.

மூன்றாவது வாரம் கெண்டைக்கால் வலிக்கத் தொடங்கியது. கட்டுக்குள்ளே யாரோ பிசைவது போல ஒரு வலி. நகத்தை அமுக்கிப் பார்த்தார். வெளுத்தது, சிவந்தது. சரிதான், பையன் இறுக்கிக் கட்டியிருக்கிறான் என்று முடிவு கட்டி, அக்கம்பக்கத்தார் தோளில் கைபோட்டுப் படியிறங்கி, ஆட்டோ பிடித்து நேராகக் கட்டு அறைக்கு வந்துவிட்டார்.

எலும்பு மருத்துவர் அறுவை அறையில் இருந்தார். "அவர் வர்றவரைக்கும் இருங்க, பாக்கட்டும்" என்றேன்.

"அவரு வந்து என்ன செய்வாரு? வெட்டுன்னு என்கிட்டதான் சொல்வாரு. நானே வெட்டிக்கறேன்."

பையனிடமிருந்து மிஷினை வாங்கித் தன் காலில் தானே வைத்தார். இரண்டு பக்கமும் நேர்கோடு. விரிப்பானால் நெம்பி, உள்ளே பஞ்சைக் கத்திரித்து மேல்பாதியை ஓடு மாதிரி எடுத்தார். கால் நன்றாக வீங்கியிருந்தது. தோல் பளபளவென்று இழுத்துப் பிடித்துச் சூடாக இருந்தது. ஆனந்தமாக இரண்டு கையாலும் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டார். பல நாள் அரிப்பு வேறு. "ஆஹா, இதுதாண்டா சொர்க்கம்" என்று பையனிடம் சொன்னது என் அறைக்குக் கேட்டது. பிறகு இரண்டு பாதிகளையும் தளர்த்தி வைத்து, மேலே துணிப்பட்டி சுற்றிக்கொண்டார். வலி குறைந்துவிட்டது. குறையாமல் என்ன செய்யும், இறுக்கிக்கொண்டிருந்த ஓடு திறந்துவிட்டதே. வைத்தியம் சரி என்பதற்கு அவருக்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? பயில்வான் கதையை ஒரு தடவை பையனுக்குச் சொல்லிவிட்டு வீடு போய்ச் சேர்ந்தார்.

இதற்குப் பிறகு நடந்ததை அவர் மனைவி எனக்குச் சொன்னார். நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஒரு பிற்பகல். அந்த அம்மா தைத்துக்கொண்டிருக்கிறார். கணவர் பயில்வான் கதையைத் தனக்குத்தானே சொல்வது போல் ஆரம்பிக்கிறார். கேட்டுக் கேட்டுப் புளித்த கதை. எந்த இடத்தில் குரல் ஏறும், எந்த இடத்தில் சிரிப்பு வரும், எங்கே மூச்சு வாங்குவார் என்பதெல்லாம் மனைவிக்கு மனப்பாடம். அன்று, 'ஆள் மலை மாதிரி' என்ற இடத்தில் ஒரு மூச்சு. அங்கே மூச்சு வரக் கூடாது. 'மலை மாதிரி வந்து' என்று தொடர்ந்தவர், மறுபடியும் நிறுத்தினார். மனைவி மிதிப்பதை நிறுத்திவிட்டார்.

"என்னங்க, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. வாயுப் பிடிப்பு. இந்தப் பக்கம் விலாவுல குத்துது. இழுத்து மூச்சு விட்டா மட்டும்தான்."

"கதைய முடிங்க."

"என்னது?"

"பயில்வான் கதைய முடிங்க. கேக்கறேன்."

கல்யாணமான நாளிலிருந்து கதை சொல்லச் சொல்லி மனைவி கேட்டதில்லை. அவர் சந்தோஷமாகவே முயற்சி செய்தார். மிஷினைப் பார்த்தான் என்பது வரை வந்தது. மயங்கி என்பது பாதி வந்தது. நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே, படி ஏறி வந்தவர் போல இரைத்தது. மனைவி போனை எடுத்தார்.

"ஏய், யாருக்குப் போன் பண்ற? ஆம்புலன்ஸா? பைத்தியமா உனக்கு? இங்க பாரு." குனிந்து கால் விரல் நகத்தை அமுக்கிக் காட்டினார். "செவப்பா... இருக்கு பாரு... ரத்தம்..."

"காலக் காட்டாதீங்க. கதைய முடிக்க முடியுதா, சொல்லுங்க."

அவரால் முடியவில்லை. கீழ் வீட்டுக்காரர்கள் நாற்காலியோடு அவரைத் தூக்கி இறக்கினார்கள். எழுந்து நடக்கிறேன் என்று அடம்பிடித்திருக்கிறார். மனைவி தோளை அமுக்கி உட்கார வைத்துவிட்டார். அளவெடுக்கும் நாடா கழுத்தில் தொங்கியபடியே அந்த அம்மா வண்டியில் ஏறினார்.

எங்கள் மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அவசரப் பிரிவில் இளம் பெண் மருத்துவர் ஒருவர். நாடி தறிகெட்டு ஓடுகிறது, ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைவு, நெஞ்சு எக்ஸ்ரேயில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. அந்த எக்ஸ்ரேயை எடுத்தது நான். நுரையீரல் சுத்தமாகத் தெரிகிறது, ஆள் மூச்சுக்குத் தவிக்கிறார். மருத்துவர் துணிப்பட்டியை அவிழ்த்து, கட்டின் மேல்பாதியை எடுத்துவிட்டு, இரண்டு கெண்டைக்கால்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை உடனே ஏற்றச் சொல்லிவிட்டு, நெஞ்சு ஸ்கேனுக்கு அனுப்பினார். ஸ்கேனிலும் அன்று என் முறைதான்.

அந்தப் படம் எடுக்கக் கை நரம்பு வழியாக ஒரு மருந்தைச் செலுத்துவோம். ரத்தம் போகும் குழாய்களெல்லாம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். நோயாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து மைக்கில் சொன்னேன்: "மூச்சை இழுங்க. நிறுத்துங்க. பேசாதீங்க." அந்தக் கடைசி வார்த்தை பழக்கத்தில் வந்துவிட்டது. தேவையே இருக்கவில்லை. அவர் பேசவில்லை. மூச்சையும் அவரால் நிறுத்த முடியவில்லை, முடிந்தவரை பிடித்தார். என் வாழ்நாளில் முதல் முறையாக அந்த மனிதர் பேச மாட்டாரா என்று ஏங்கினேன்.

படம் வந்தது. வலது நுரையீரலுக்குப் போகும் தடித்த வெள்ளைக் குழாயின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு அடைப்பு. இடது பக்கம் சின்னக் கிளைகளில் சில. காலையும் ஒலி ஸ்கேனில் பார்த்தார்கள். அதில் ரகசியம் ஒன்றுமில்லை. கருவியால் மேலிருந்து அமுக்கினால், ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரை நன்றாக இருந்தால் தட்டையாகிவிடும். உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் தட்டையாகாது. அவருக்குக் கெண்டைக்காலிலிருந்து முழங்காலுக்கு மேலே வரை தட்டையாகவில்லை.

மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் எட்டிப் பார்த்தேன். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். ரத்த அழுத்தம் விழாமல் நின்றுவிட்டதால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் கடுமையான மருந்து தேவைப்படவில்லை என்றார்கள். இப்போது ஏறும் மருந்து கட்டியைக் கரைக்காது. மேலும் வளரவிடாது, அவ்வளவுதான். கரைப்பதை உடம்பே மெல்ல மெல்லப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும், மாத்திரையும் மாதக்கணக்கில். அதுவரை உள்ளே இருப்பது இருக்கும். இன்னொரு துண்டு கிளம்பினால் என்ன ஆகும் என்று யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. மனைவி கட்டிலருகே நின்றிருந்தார்.

ஆள் மெலிந்த குரலில் மருத்துவரோடு வழக்காடிக்கொண்டிருந்தார்.

"கட்டி கால்லன்னா... வெரல் எப்படி டாக்டர் செவப்பா இருக்கும்? நான் பாத்தேனே. அமுக்கினேன், செவந்துச்சு."

"செவக்கும். இதயம் தள்ளுற ரத்தம் வெரலுக்கு வந்துருச்சு, அதுக்கு ஒரு தடையும் இல்ல. வந்த ரத்தம் திரும்பிப் போச்சா? அத யாரு பாத்தா?"

அவர் தலையைத் தூக்கித் தன் காலைப் பார்த்தார். மருத்துவரே தொடர்ந்தார்.

"கால்லேருந்து ரத்தம் மேல ஏறணும். அத ஏத்துறது கெண்டைக்காலோட தசை. நடக்கும்போது ஒவ்வொரு தடவையும் பிழிஞ்சு மேல தள்ளும். ஏறுன ரத்தம் கீழ விழாம இருக்கக் குழாய்க்குள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கு. நீங்க கட்டுப் போட்டு அசையாம உக்காந்துட்டீங்க, தண்ணியும் குடிக்கல. எலும்பு ஒடஞ்சா ரத்தம் உறையற குணமும் அதிகமாகும். ரத்தம் அந்தக் கதவுக்குப் பின்னால தேங்கி உறைஞ்சு, அது மேல இன்னும் கொஞ்சம் உறைஞ்சு, வால் மாதிரி வளந்துச்சு. அந்த வால் அறுந்து கெளம்பிருச்சு. மேல போகப்போகக் குழாய் பெருசாகிட்டே போகும், எங்கயும் நிக்காது. வயிறு, இதயம், எல்லாத்தையும் தாண்டிரும். நுரையீரலுக்குள்ள போனாதான் குழாய் திரும்பவும் சின்னதாகும். அங்க போய் மாட்டிக்கிச்சு."

"நான் தேச்சேன். அதனாலயா?"

"இருக்கலாம். தேய்க்காமலும் கெளம்பும். யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. வலிச்ச அன்னைக்கே டாக்டர் பாத்திருந்தா, கால்லயே புடிச்சிருக்கலாம். அது நிச்சயம்."

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அப்போதும் நல்ல சிவப்பாகவே இருந்தது. எத்தனை ஆயிரம் நகங்களை அமுக்கிப் பார்த்த கை. எத்தனை பேரை அப்படி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று எண்ணுகிறார் என்பது முகத்தில் தெரிந்தது. நான் அங்கே நிற்கப் பிடிக்காமல் வந்துவிட்டேன்.

எலும்பு கூடி, மூச்சு சீராகி, அவர் வேலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆயின. ஈயச் சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடியும் வாளியில் தண்ணீர் விழுந்தது. நகத்தை இப்போதும் அமுக்குகிறார். 'இனி எனக்கும் உனக்கும் பேச்சில்ல' என்பதை மட்டும் விட்டுவிட்டார். கெண்டைக்கால் வலித்தால், வீங்கினால், மூச்சு வாங்கினால் எந்த நேரமானாலும் வா, மருத்துவரைப் பார்க்காமல் மிஷினைத் தொட மாட்டேன் என்கிறார். ஊசி எழுதிக் கொடுத்தவர்களிடம், "குளிர்பெட்டிக்கு ஊசி போட்ட ஒரு மடையன எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொல்லித் தானே முதலில் சிரிப்பார். பயில்வான் பின்னுக்குப் போய்விட்டான்.

ஒரு கதையை மட்டும் அவர் கட்டு அறையில் சொன்னதில்லை. என்னிடம் ஒரே ஒரு தடவை, அதுவும் சுருக்கமாகச் சொன்னார்.

வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். மாலையில் படியேறும்போது பேசிக்கொண்டே ஏற வேண்டும். முதல் படியிலிருந்து மூன்றாம் மாடி வரை. யாரிடம் பேசுவது என்று கேட்டதற்கு, சுவரோடு பேசுங்கள், உங்களுக்கா தெரியாது என்றாராம் மனைவி. அவர் அன்றன்றைய கால், கை கதைகளையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டே ஏறுவார். கீழ் வீட்டுக் குழந்தைகள் கதவைத் திறந்து பார்க்கும். மேலே தையல் மிஷின் ஓடாது. அவர் மூச்சு முட்டாமல் வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அது மறுபடி ஓடத் தொடங்கும்.

ஒருநாள் காலையில் இருவருக்கும் சண்டை. எதற்கென்றுகூட இப்போது நினைவில்லை என்றார். ஆனால் கோபம் மாலைவரை இருந்தது. வேண்டுமென்றே வாயைத் திறக்காமல் படியேறினார். முதல் மாடி தாண்டியது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நிமிர்ந்து பார்த்தால், மனைவி செருப்பில்லாமல் இறங்கி ஓடி வந்துகொண்டிருக்கிறார். கையில் கத்திரிக்கோல், கீழே வைக்கவும் நேரமில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. கணவர் நல்லபடியாக நிற்பதைப் பார்த்ததும் அந்த அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"உயிரே போச்சு எனக்கு."

"கோவமா இருந்தேன்."

"கோவம்னா திட்டிக்கிட்டே வாங்க. என்னைத் திட்டிக்கிட்டே ஏறுங்க. சத்தம் மட்டும் வரணும்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கத்திரிக்கோலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, மனைவி அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு எழுந்து, காலையில் விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினார். இருவரும் ஏறி வீட்டுக்குப் போனார்கள்.